இரு சொற்களின் எல்லையில் ஒளிந்திருக்கும் விடை: தமிழ்க் குறுக்கெழுத்தில் அதைப் பிடிக்கும் வழி

தோல்வி! வா தம்பி, உள்ளே சர்ச்சை (4)

பூடகமான குறிப்புகளோடு வரும் தமிழ்க் குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்தால், பழகாதவர்கள் தோற்றுப்போன தம்பியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பழகியவர்களின் கண் "உள்ளே" என்ற சொல்லில் போய் நிற்கும். விடை இந்த வரியிலேயே, எழுத்து மாறாமல், வரிசை மாறாமல் இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. ஆனால் அது எந்த ஒரு சொல்லுக்குள்ளும் முழுதாக இல்லை. ஒரு சொல்லின் வாலில் தொடங்கி, அடுத்த சொல்லைத் தாண்டி, அதற்கடுத்த சொல்லின் தலையில் முடிகிறது: தோல்வி, வா, தம்பி. விடை "விவாதம்".

இந்த வகைக் குறிப்பில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, விடையின் நேர்ப்பொருள்; இங்கே "சர்ச்சை". இரண்டாவது, விடையை ஒளித்துவைத்திருக்கும் சொற்கள். இவற்றை மூலச்சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, "ஒளிந்திருக்கிறது, தேடு" என்று காட்டும் சுட்டுச்சொல். பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் வரும், நடுவில் வராது. அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. தமிழ்க் கட்டத்தில் உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் என்பதே வழக்கம். ஆகவே வி, வா, த, ம் என நான்கு.

இந்த வகை ஆங்கிலக் குறுக்கெழுத்திலும் உண்டு. அங்கே 26 எழுத்துகளில் பெரும்பாலானவை சொல்லின் தொடக்கம், நடு, கடைசி என எங்கும் வரும் என்பதால் ஒவ்வொரு இடைவெளியையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. தமிழில் நிலைமை வேறு. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் வரும், எந்த மெய்யை அடுத்து எது வரும் என்பதற்கெல்லாம் நம் மொழியில் கறாரான கட்டுப்பாடு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இவற்றை மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று வகுத்து வைத்திருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பாடம், ஒளிந்த சொல்லைத் தேடுவதில் நேரடியாக உதவுகிறது. எந்த எல்லையைப் பார்க்கவே வேண்டாம் என்பதை அது முதல் பார்வையிலேயே சொல்லிவிடும்.

முதலில், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த எல்லை மூடியிருக்கிறது. அ, ஆ, இ, ஈ போன்ற உயிரெழுத்துகள் தம் சொந்த வடிவில் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே எழுதப்படுகின்றன. நடுவில் வரும்போது மெய்யோடு சேர்ந்து உயிர்மெய்யாகிவிடும். விதிவிலக்கு செய்யுளில் வரும் அளபெடையும் சில பிறமொழிச் சுருக்கங்களும்தான். எனவே "தம்பி உள்ளே" என்ற இடத்தில் "பி" யையும் "உ" வையும் சேர்த்துக்கொண்டு ஒரு விடை போகவே முடியாது. அந்த இடைவெளியைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

இதே உண்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விடையே உயிரெழுத்தில் தொடங்குவதாக இருந்தால், அது ஏதாவது ஒரு மூலச்சொல்லின் முதலெழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் இடப்பக்கம் மறைப்பு இல்லை, விடை பாதி வெளியே தெரிகிறது. நல்ல புதிர்க்காரர்கள் இரு முனையிலும் குறைந்தது ஓர் எழுத்தாவது மிச்சம் இருக்கும்படி ஒளிப்பார்கள். ஆகவே கட்டத்தில் ஏற்கெனவே கிடைத்த முதலெழுத்து "அ" என்றோ "இ" என்றோ இருந்தால், அந்தக் குறிப்பு பெரும்பாலும் இந்த வகை இல்லை. எழுத்துகளைக் கலைத்துப் போடுவது, ஒரு சொல்லுக்குள் இன்னொன்றைச் செருகுவது போன்ற வேறு உத்திகளை அங்கே தேடலாம்.

அடுத்தது, எல்லைக்கு இந்தப் பக்கம் வரும் முதல் எழுத்து. அது ஒரு சொல்லின் முதலெழுத்து. தமிழ்ச் சொற்கள் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ வரிசைகளில் தொடங்கும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தொடங்கா. ஆகவே எல்லையைத் தாண்டும் விடையில், முதலெழுத்துக்குப் பிறகு எங்காவது அந்த ஒன்பது வரிசைகளில் ஒன்றின் உயிர்மெய் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். இதைச் சில சொற்களில் சோதித்துப் பாருங்கள். மரம், மலர், கடல், பழம்: இவற்றில் இரண்டாம் எழுத்து ர, ல, ட, ழ, மூன்றாவது ஒரு மெய். இந்தச் சொற்களை எல்லைக்கு மேல் கிடத்த வழியே இல்லை. "நிலவு" கூட முடியாது, ஏனென்றால் வகர வரிசையில் "வு" சொல்லின் முதலில் வராது. பொருளைப் படித்ததும் மனதில் தோன்றும் ஊகம் இந்தச் சோதனையில் தேறாவிட்டால், அது இந்த வகை விடை அல்ல.

இங்கே ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. பேச்சில் புழங்கும் பிறமொழிச் சொற்கள் இந்த மூடிய கதவுகளைத் திறந்துவிடும்.

அம்மா டம்ளருக்குள் விளக்கு வைக்கும் இடம் (3)

"டம்ளர்" என்று டகரத்தில் தொடங்கும் சொல் வந்ததால்தான் "மாடம்" எல்லையைத் தாண்ட முடிந்தது: அம்-மா, டம்-ளர். டம்ளர், லைட், ரயில், லாரி, டாக்டர் போன்ற சொல் ஒரு குறிப்பில் காரணமில்லாமல் எட்டிப்பார்த்தால் அதைச் சந்தேகப்படுங்கள். "செம்பு" என்றோ "விளக்கு" என்றோ எழுதியிருக்கக்கூடிய இடத்தில் புதிர்க்காரர் அந்தச் சொல்லைப் போட்டது பெரும்பாலும் அதன் முதலெழுத்துக்காகத்தான்.

மூன்றாவது சோதனைதான் தேடலை மிக வேகமாகச் சுருக்குகிறது. முதல் சொல் மெய்யெழுத்தில் முடிந்தால், அந்த மெய்யும் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் விடைக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப்போகின்றன. அப்படி நிற்கத் தமிழ் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். "ம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சொற்களின் முடிவில் மிக அதிகமாக வரும் மெய்களில் அது ஒன்று. ஒரு சொல்லுக்கு நடுவே "ம்" வந்தால் அடுத்தது ஏறக்குறைய எப்போதும் பகரமோ மகரமோதான்: கம்பு, தம்பி, கும்மி, சும்மா. ககரத்துக்கு முன் அது "ங்" ஆகிவிடும், தகரத்துக்கு முன் "ந்" ஆகிவிடும். வம்சம், இம்சை போன்ற வடசொற்கள் மட்டும் விலக்கு. எனவே மகர மெய்யில் முடியும் ஒரு சொல்லை அடுத்து ப அல்லது ம வரிசையில் தொடங்கும் சொல் வந்தால் அங்கே நிற்க வேண்டும். வேறு எது வந்தாலும் தாண்டிப் போய்விடலாம்.

பழக்கம் புதிதாயினும் உள்ளே பழைய தானியம் (3)

"ம்" அடுத்து "பு". பின்னால் ஓர் எழுத்து நகர்ந்தால் "க". விடை "கம்பு".

மகர மெய்யில் முடியும் சில ஈறுகள் தமிழில் அடிக்கடி வருபவை. அவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கண் தானாகவே அங்கே போகும். இருக்கும், கடிக்கும் போன்ற வினைகளின் கடைசியில் "கும்" இருக்கிறது. வந்ததும், பார்த்ததும் என்பவற்றில் "தும்". சொந்தம், ஆனந்தம் என்பவற்றில் "தம்". பக்கம், கலக்கம் என்பவற்றில் "கம்". இந்த நான்கும் பல சொற்களின் தொடக்கமாக அமைகின்றன. கும் என்பதிலிருந்து கும்மி, கும்பல், கும்பம். தும் என்பதிலிருந்து தும்பி, தும்பை, தும்மல். தம் என்பதிலிருந்து தம்பி, தம்பதி, தம்பட்டம். கம் என்பதிலிருந்து கம்பி, கம்பன், கம்மல். சில குறிப்புகள்:

கடிக்கும் பல்லுக்குள் கூட்டம் (4)
இருக்கும் மிச்சத்தில் கைதட்டி ஆடுவது (3)
ஆனந்தம் பதிந்த இடத்தின் நடுவே கணவனும் மனைவியும் (4)
சொந்தம் பிரிந்தபோதும் உள்ளே இருக்கும் உடன்பிறப்பு (3)

விடைகள் கும்பல், கும்மி, தம்பதி, தம்பி. முதல் இரண்டில் சுட்டுச்சொல் தனியாக இல்லாததைக் கவனியுங்கள். "பல்லுக்குள்" என்பதில் ஒட்டியிருக்கும் "க்குள்", "மிச்சத்தில்" என்பதில் ஒட்டியிருக்கும் "இல்" ஆகியவையே "உள்ளே பார்" என்கின்றன. தமிழ் ஒட்டுமொழி என்பதால், ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்க வேண்டியது இங்கே வேற்றுமை உருபாகக் கரைந்துவிடுகிறது. புதிதாக விளையாடுகிறவர்கள் பலரும் இந்த வகைக் குறிப்பை அடையாளம் காணாமல் விடுவதற்கு இதுவே பெரிய காரணம். உள்ளே, நடுவே, இடையே, மறைந்த, ஒளிந்த, பொதிந்த என்ற சொற்களைத் தேடுகிறார்கள்; ஏழாம் வேற்றுமை உருபைத் தேடுவதில்லை.

மற்ற மெய்களுக்கும் இதே முறைதான். "ன்" அடுத்து ப, ம வந்தால் நிற்கலாம். நான்கு, நன்செய் என்று எப்போதாவது க, ச வரும். "அவன் மம்மிக்குள் தீராப் பகை (4)" என்றால் அ-வன், மம்-மி: வன்மம். "ல்", "ள்" இரண்டையும் அடுத்து வகரம் வந்தால் நன்றாகப் பாருங்கள்.

பகல் விளக்கில் படிப்பு (3)
மக்கள் வன்முறைக்குள் திருடன் (4)

முதலாவது கல்வி. இரண்டாவது கள்வன், பன்மை விகுதியான "கள்" இங்கே விடையின் தலையாகிவிட்டது. "ல்" அடுத்துத் தகரமோ நகரமோ வந்தால் அந்த எல்லையை விட்டுவிடலாம், அந்த இணை தமிழ்ச் சொல்லுக்குள் வராது. ய், ர், ழ் மூன்றும் தாராளமானவை, அவற்றின் பின் மொழிமுதலாகும் எல்லா வரிசையும் வரலாம் என்று நன்னூலே சொல்கிறது. அதனால் அந்த எல்லைகளில் குறுக்கு வழி கிடையாது, எழுத்தெழுத்தாகப் பார்க்கத்தான் வேண்டும்.

வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. ஆனால் வாக்கியத்தில் சந்தியாகக் க், ச், த், ப் வந்து சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். க், ச், த், ப் நான்கும் சொல்லுக்கு நடுவில் தம்மோடு தாம் மட்டுமே சேரும். சந்தி ஒற்றும் அதே வரிசைக்கு முன்னால்தான் தோன்றும். எனவே சந்தி ஒற்று வரும் ஒவ்வோர் எல்லையும் திறந்த எல்லை. அதிலும் நான்காம் வேற்றுமை "கு" உருபு புதிர்க்காரர்களுக்குப் பெரிய சுரங்கம். எனக்குப், அவருக்குப், வீட்டுக்குச், ஊருக்குத் என்று எங்கும் "குப்", "குச்", "குத்" கிடைக்கின்றன.

எனக்குப் பைத்தியமா? உள்ளே இருப்பது கழிவு (3)
வீட்டுக்குச் சிலர் நடுவே சுள்ளி (3)

குப்பை, குச்சி. இதேபோல "ஊருக்குத் துணை" என்பதற்குள் குத்து இருக்கிறது. "அவருக்குப் பம்பரம்" என்பதற்குள் குப்பம் இருக்கிறது. அந்த, இந்த, எந்த என்ற சுட்டும் வினாவும் ஒற்றைக் கூட்டிக்கொள்வதால் "அந்தப் புலி மறைத்த குற்றம் (3)" என்பதில் தப்பு கிடைக்கிறது.

கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான் அதிகம். இப்போது பலரும் சந்தி ஒற்றை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். "அந்த புலி" என்று அச்சானால் த-பு என்றாகி விடை காணாமல் போய்விடும். புதிர்க்காரர் சரியாக எழுதி அனுப்பியிருந்தாலும், தட்டச்சு செய்பவரோ பக்கத்தைத் திருத்துபவரோ ஒற்றை நீக்கிவிட்டால் குறிப்பு செத்துவிடுகிறது. அப்படி நடந்திருக்கிறது என்பதைக் குறிப்பைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மற்ற குறிப்புகளில் ஒற்று சரியாக வந்து, இந்த ஒன்றில் மட்டும் வர வேண்டிய இடத்தில் வராமல் இருந்தால், ஒற்றைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். மாறாக, வரக்கூடாத இடத்தில் ஒற்று இருந்தால், புதிர்க்காரர் விடைக்காக இலக்கணத்தை வளைத்திருக்கிறார். இது நியாயமான ஆட்டம் இல்லை. மேற்பார்வைக்கு இயல்பான தமிழாக நிற்கும் குறிப்புக்குள் விடை இருக்கும்போதுதான் அதைக் கண்டுபிடித்ததில் இன்பம்.

உயிர்மெய்யில் முடிந்து உயிர்மெய்யில் தொடங்கும் எல்லைகளில் மெய்ம்மயக்க விதி எதுவும் கைகொடுக்காது. அங்கே விடை எங்கே தொடங்க முடியும் என்று பார்ப்பது பயன்படும். விடையின் முதலெழுத்தும் மொழிமுதல் எழுத்தாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே முதல் சொல்லைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்து, க, ச, த, ப, ம, வ வரிசை எழுத்து எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நகரமும் ஞகரமும் சொல்லின் நடுவே அபூர்வம். அந்நியன், திருநாள் போன்றவற்றிலும், வந்தான், மஞ்சள் போல மெய்யாக வரும்போதும்தான் அவற்றைப் பார்க்கிறோம். எனவே நகரத்தில் தொடங்கும் விடையை முறையாக ஒளிப்பது கடினம்.

அம்மா தவித்தபோது நடுவே தெரிந்த மணிமேகலையின் தாய் (3)

"அம்மா" என்பதில் தொடங்கத் தகுதியுள்ள எழுத்து கடைசியில் இருக்கும் "மா" ஒன்றுதான். "ம்" தொடங்காது, "அ" தொடங்கினால் மறைப்பில்லை. மா-த-வி என்று மூன்று எழுத்து எண்ணினால் மாதவி.

இப்போது தொடக்கத்தில் பார்த்த குறிப்புக்குத் திரும்பி, பொருள் எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவர் எப்படித் தேடுவார் என்று முழுதாகப் பார்ப்போம். தோல்வி, வா, தம்பி, உள்ளே, சர்ச்சை ஆகிய ஐந்து சொற்களில் 3, 1, 3, 3, 4 என 14 எழுத்துகள். நான்கெழுத்துத் துண்டுகளாக நகர்த்திப் பார்த்தால் 11 துண்டுகள் கிடைக்கும். "தம்பி உள்ளே" எல்லை உயிரெழுத்தால் மூடியிருப்பதால் அதைத் தாண்டும் மூன்று துண்டுகள் போய்விடுகின்றன: "தம்பிஉ", "ம்பிஉள்", "பிஉள்ளே". மெய்யில் தொடங்கும் "ல்விவாத", "ள்ளேசர்", ளகரத்தில் தொடங்கும் "ளேசர்ச்" ஆகியவையும் போய்விடும். "சர்ச்சை" என்பது எல்லையைத் தாண்டவே இல்லை. மீதி நான்கு: தோல்விவா, விவாதம், வாதம்பி, உள்ளேச. இவற்றில் சொல்லாக நிற்பது ஒன்றே.

அதே இடத்தில் "வாதம்" என்ற மூன்றெழுத்துச் சொல்லும் இருக்கிறது, அதற்கும் சர்ச்சை என்ற பொருள் ஓரளவு பொருந்தும். அடைப்புக்குள் உள்ள எண்தான் இரண்டையும் பிரிக்கிறது. விடையைக் கண்டதும் எழுதிவிடாமல், இடப்பக்கம் ஓர் எழுத்தும் வலப்பக்கம் ஓர் எழுத்தும் நீட்டிப் பார்ப்பது நல்லது. தமிழில் ஒரு சொல்லின் வயிற்றுக்குள் இன்னொரு சொல் இருப்பது சாதாரணம். நிறுத்தக்குறிகளையும் பொருட்படுத்தக் கூடாது. இங்கே "தோல்வி" அடுத்து வரும் ஆச்சரியக்குறி, எல்லையில் ஒரு சுவர் இருப்பதாக நினைக்கவைப்பதற்காகவே போடப்பட்டது.

இரண்டு வகைப் பிழைகள் தமிழில் தொடர்ந்து நடக்கின்றன. ஒன்று, காதால் தேடுவது. "வந்த கவலை" என்று வாய்விட்டுச் சொன்னால் "தகவல்" கேட்கிறது. எழுத்தாகப் பார்த்தால் த, க, வ, லை. "லை" வேறு எழுத்து, "ல்" வேறு எழுத்து. உயிர்மெய்யை உடைத்து உள்ளிருக்கும் மெய்யை மட்டும் எடுத்துக்கொள்ள இந்த ஆட்டத்தில் அனுமதி இல்லை. அங்கே இருப்பது "தகவலை" என்ற வேற்றுமை ஏற்ற வடிவம். அது விடையாக வர வேண்டுமென்றால் பொருளும் "செய்தியை" என்று ஐகார உருபோடு இருக்க வேண்டும். அதேபோல் "என கரம்" என்பதைச் சொல்லிக் கேட்டால் நகரம்போல் இருக்கும். எழுத்தில் அது றன்னகரம். ர-ற, ல-ள-ழ குழப்பங்களும் இப்படித்தான். வாயால் சொல்லாமல் கண்ணால் மட்டும் தேடுவது இந்த வகையில் பாதுகாப்பானது. இடைவெளிகளை நீக்கி, எழுத்துகளுக்கு இடையே கோடு போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று, சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும். "பாட்டு இல்லை" என்று பிரித்து எழுதினால் எல்லை மூடியிருக்கிறது. "பாட்டில்லை" என்று சேர்த்து எழுதினால் "ட்டு", "இ" இரண்டும் கலந்து "ட்டி" ஆகி, உள்ளே பாட்டி, பாட்டில் என இரண்டு சொற்கள் முளைத்துவிடுகின்றன. அச்சில் எப்படி இருக்கிறதோ அதுதான் கணக்கு. தேடுகிறவர் தாமாகச் சேர்க்கவோ பிரிக்கவோ கூடாது. புதிர்க்காரரும் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. எல்லை எங்கே என்பதைப் படிப்பவரே முடிவு செய்தார். ஒரே எழுத்துத்தொடரை வேறு வேறு இடத்தில் பிரித்து இரண்டு பொருள் காணும் பிரிமொழிச் சிலேடையும், ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுளும் தண்டியலங்காரத்தில் இடம்பெற்றிருக்கின்றன. இன்றைய குறுக்கெழுத்து இடைவெளியும் புள்ளியும் உள்ள அச்சுத் தமிழை வைத்து ஆடப்படுவது. அச்சிட்ட வடிவத்தை மாற்றாமல் இருப்பது அதன் அடிப்படை ஒப்பந்தம்.

குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். "சங்கைத் தடியால் உடைத்தால் நடுவில் முதியவரின் துணை (4)" என்ற குறிப்பில் எழுத்துக்கணக்கு சரி, கைத்தடி இருக்கிறது. ஆனாலும் இது பலவீனமான குறிப்பு. மூலத்தில் இருக்கும் "தடி"யும் விடையில் இருக்கும் "தடி"யும் ஒரே சொல், ஒரே பொருள். பாதி விடை மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கிறது. விடையின் எந்தப் பகுதியும் மூலச்சொல்லில் அதே பொருளோடு நிற்கக் கூடாது. "பல்" என்பது கும்பலுக்குள் போனதும் பல்லாக இல்லை, அதுதான் ஒளிப்பு. இன்னொன்று, மூலச்சொற்களில் ஒவ்வொன்றும் விடைக்கு ஓர் எழுத்தாவது தர வேண்டும். அழகுக்காக முன்னும் பின்னும் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனால் தேட வேண்டிய இடம் பெருகும், குறிப்பு தளரும்.

கணினியில் சரிபார்க்கிறவர்கள் எழுத்தை எண்ணும் இடத்தில் தவறுகிறார்கள். யூனிகோடில் "விவாதம்" ஏழு குறியீடுகள். ஆகாரக் கால், இகரக் கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி. சரத்தின் நீளத்தை அப்படியே எடுத்தால் அடைப்புக்குள் தவறான எண் போய்விடும். பைத்தானில் எழுத்தெழுத்தாகப் பிரிக்க இது போதும்:

```python
import re, unicodedata

def ezhuthu(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.findall("[\u0B83-\u0B94]|[\u0B95-\u0BB9][\u0BBE-\u0BCD]?", s)

print(len("விவாதம்"), len(ezhuthu("விவாதம்")))   # 7 4
```

`NFC` செய்வது அவசியம். சில விசைப்பலகைகள் ஒகர உயிர்மெய்யின் ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகத் தரும். அவை ஒன்றாகச் சேராவிட்டால் கடைசிக் கால் நழுவி, "கொ" என்பது "கெ" ஆகிவிடும். இந்தப் பிரிப்பு இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் தானாகவே விட்டுவிடுவதால், முழுக் குறிப்பையும் கொடுத்து, வரும் பட்டியலில் n எழுத்துத் துண்டுகளை ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது, நினைத்திராத இன்னொரு விடை அதே நீளத்தில், அதே பொருளுக்கு அருகில் கிடைக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். க்ஷ என்ற எழுத்தை இது க், ஷ என்று இரண்டாகவே எண்ணும். அப்படி ஒரு விடை வந்தால் கட்டத்தில் அதை எப்படி நிரப்புவது என்பதைப் புதிரின் மேலேயே எழுதிவிட வேண்டும்.